துப்பட்டாவுக்குள் ஒட்டிக்கொண்ட சுவர்

கல்யாண ஆல்பங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். மணப்பெண் தனுஷ்கோடி கடற்கரையில் நிற்கிறாள், பின்னால் மாலை வானம், காற்றில் சிவப்புத் துப்பட்டா பறக்கிறது. முகம், கை, பாவாடை எல்லாம் சரியாக இருக்கிறது. துப்பட்டாவின் வால் மட்டும் எங்கோ உறுத்துகிறது. அது மெல்லிய ஷிஃபான், அதன் வழியே கடல் தெரிய வேண்டும். தெரிவதோ சாம்பல் பூசியது போன்ற ஒரு வெளிறிய இளஞ்சிவப்பு. சுற்றிலும் கத்தரியால் வெட்டி ஒட்டியது போல ஒரு கோடு. ஸ்டுடியோவில் சுவர் முன்னால் எடுத்த படம் என்று சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

ஆல்பம் டிசைன் செய்பவரிடம் சொன்னால், ‘எட்ஜ் ஹார்டா இருக்கு, ஃபெதர் கொடுத்துடறேன்’ என்பார். ஃபெதர் கொடுத்தால் கோடு மங்கும், உறுத்தல் போகாது. நோய் விளிம்பில் இல்லை என்பதுதான் காரணம். மெல்லிய துணியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஸ்டுடியோ சுவர் கலந்து கிடக்கிறது. துணியை வெட்டி எடுக்கும்போது சுவரும் கூடவே வருகிறது. விளிம்பில் தெரியும் கோடு, அந்தச் சுவர் முடிந்து கடல் தொடங்கும் இடம். அதை எவ்வளவு மழுப்பினாலும் உள்ளே இருக்கும் சுவர் அப்படியேதான் இருக்கும்.

டிகாஷனும் பாலும் கலந்த பிறகு கத்தியால் பிரிக்க முடியாது. ஆனால் எந்தப் பால், எந்த டிகாஷன் என்று தெரிந்திருந்தால், டம்ளரில் இருக்கும் நிறத்தைப் பார்த்து எவ்வளவுக்கு எவ்வளவு கலந்தது என்று கணக்குச் சொல்லிவிடலாம். மெல்லிய துணியைப் புதிய பின்னணியில் வைப்பது முழுக்க இந்தக் கணக்குதான்.

படத்தில் தெரியும் நிறத்தில் இரண்டு பங்கு இருக்கிறது: துணியின் சொந்த நிறம் ஒரு பங்கு, துணி வழியே தெரியும் பின்னணி மீதிப் பங்கு. துணியின் பங்கை ஆல்ஃபா என்பார்கள். முழுவதும் மறைத்தால் 1, ஒன்றுமே இல்லையென்றால் 0. படத்தின் ஒவ்வொரு புள்ளியோடும் இந்த அளவையும் சேர்த்து வைக்கும் யோசனை 1970களின் கடைசியில் நியூயார்க்கில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்முல் இருவரும் கொண்டுவந்தது. ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கும் கணக்கை 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் முறையாக எழுதினார்கள். இன்றைக்கு ஃபோட்டோஷாப்பில் ஒரு லேயர் மேல் இன்னொன்றை வைக்கும்போதெல்லாம் நடப்பது அந்தக் கணக்குதான்.

சிக்கல் எங்கே என்றால், ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பார்க்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள்தான் கையில் இருக்கின்றன. தெரிய வேண்டியவை துணியின் மூன்று நிற எண்களும் ஆல்ஃபாவும், ஆக நான்கு. பின்னணி என்ன நிறம் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் ஒன்று குறைகிறது. ஸ்மித்தும் ஜிம் பிளின்னும் 1996இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: அதே பொருளை வேறு வேறு நிறமுள்ள இரண்டு பின்னணிகள் முன்னால் எடுத்தால் விடை கச்சிதமாகக் கிடைக்கும், ஒரே பின்னணி என்றால் பொருளின் நிறத்தைப் பற்றி ஏதாவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பொம்மைக்குப் போர்த்திய வலைத்துணி என்றால் கறுப்பு முன்னால் ஒன்று, வெள்ளை முன்னால் ஒன்று என்று எடுத்துவிடலாம். காற்றில் பறக்கும் துப்பட்டா அடுத்த படத்துக்கு அதே இடத்தில் நிற்காது.

சினிமாக்காரர்கள் கணினி வருவதற்கு முன்பே இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். 1964இல் வந்த டிஸ்னியின் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் நாயகி மெல்லிய வலை வைத்த தொப்பியோடு கார்ட்டூன் உலகத்தில் நடப்பாள். அந்த வலை வழியே ஓவியப் பின்னணி சுத்தமாகத் தெரியும். பின்னால் இருந்த திரைக்கு சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி மட்டும் போட்டார்கள். கேமராவுக்குள் இருந்த பட்டகம் அந்த ஒரே ஒரு மஞ்சளைப் பிரித்து இன்னொரு ஃபிலிமுக்கு அனுப்பியது. நிறம் ஒரு ஃபிலிமில், எங்கே எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு இன்னொன்றில், இரண்டும் ஒரே நொடியில் பதிவாகிவிட்டன. ஒரே நேரத்தில் இரண்டு பதிவு கிடைத்தால் துணி பறந்தால் என்ன, நின்றால் என்ன?

கல்யாண ஸ்டுடியோவில் அந்தக் கேமரா கிடையாது. ஆனால் நமக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. துப்பட்டா பெரும்பாலும் ஒரே நிறம். தோள் மேல் கொசுவி வைத்த இடத்தில் ஏழெட்டு மடிப்பு சேர்ந்து, பின்னணி கொஞ்சமும் தெரியாமல் கெட்டியாக இருக்கும். அங்கே ஐட்ராப்பரை வைத்தால் துணியின் சொந்த நிறம் கிடைத்துவிடும். காலி சுவரில் வைத்தால் பின்னணியின் நிறம். இரண்டும் கையில் இருந்தால் இடைப்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் ஆல்ஃபா கிடைக்கும்.

ஓர் உதாரணத்தை முழுக்கப் போட்டுப் பார்ப்போம். சுவர் வெளிர் சாம்பல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 200. தோளில் கெட்டியான இடத்தில் துணி 190, 30, 60. பறக்கும் வாலில் ஒற்றை மடிப்பாக இருக்கும் ஓர் இடத்தில் பார்த்தால் 196, 132, 144. முதலில் எந்த நிறத்தை நம்புவது என்று பார்க்க வேண்டும். சிவப்பில் சுவர் 200, துணி 190. பத்து எண் வித்தியாசத்தை வைத்து ஒன்றும் அளக்க முடியாது. பச்சையில் 200க்கும் 30க்கும் நடுவே 170 இடைவெளி இருக்கிறது. அதுதான் நமக்கு அளவுகோல். நம் புள்ளியில் பச்சை 200இலிருந்து 132க்கு இறங்கியிருக்கிறது, அதாவது 68. 170இல் 68 என்றால் 0.4. துணி நாற்பது பங்கு, சுவர் அறுபது பங்கு.

இந்தப் புள்ளியை 60, 90, 120 நிறமுள்ள மாலைக் கடலின் மேல் வைக்கிறோம். நாற்பது பங்கு துணியும் அறுபது பங்கு கடலும் சேர்ந்தால் 112, 66, 96 வர வேண்டும், அடர்ந்த கருஞ்சிவப்பு. வெட்டி ஒட்டினால் பழைய 196, 132, 144 அப்படியே கடலின் மேல் வெளிறிக் கிடக்கும். இதுவாவது பார்த்ததும் தப்பு என்று தெரியும். இன்னொரு தவறு கொஞ்சம் நைசானது. மாஸ்க்கை 40 சதவீதம் என்று சரியாகப் போட்டுவிட்டு, துணியின் நிறத்தை மாற்றாமல் விட்டால் 114, 107, 130 வருகிறது. சிவப்புத் துப்பட்டா சாம்பல் ஊதாவாகிவிட்டது! ஒளி ஊடுருவுகிறது, விளிம்பும் மென்மையாக இருக்கிறது, ஆனாலும் துணி அழுக்காகத் தெரிகிறது. டிசைனர் கலர் கரெக்‌ஷன் போட்டுப் போட்டுப் பார்ப்பார், தீராது. மாஸ்க் என்பது பாதி வேலைதான். துணியிலிருந்து சுவரைக் கழிப்பது மீதிப் பாதி.

ஃபோட்டோஷாப்பில் இந்தக் கணக்கைப் புள்ளி புள்ளியாகப் போட வேண்டியதில்லை. Channels பலகையில் Green சேனலைப் பிரதி எடுங்கள். Ctrl+I அழுத்தித் தலைகீழாக்கினால் சுவர் 55, கெட்டித் துணி 225 என்று ஆகிவிடும். Levels திறந்து கறுப்பு முனைக்கு 55, வெள்ளை முனைக்கு 225 கொடுத்தால் சுவர் முழுக் கறுப்பு, தோள் மடிப்பு முழு வெள்ளை. நம் புள்ளி 102இல் நிற்கும். 255இல் 102 என்பது அதே 0.4தான். மேலே போட்ட கணக்கை மொத்தப் படத்துக்கும் இந்த இரண்டு எண்கள் போட்டுவிட்டன. முகம், கை, ரவிக்கை, உடம்பின் மேல் கிடக்கும் துப்பட்டா இவற்றை மட்டும் ப்ரஷ்ஷால் வெள்ளையாக நிரப்பிவிட வேண்டும். உடம்பின் மேல் கிடக்கும் துணி வழியே தெரிவது உடம்பு; அது புதிய படத்திலும் உடம்பாகவே இருக்க வேண்டும்.

சேனல் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. துணி ஒற்றையாக இருக்கும் இடத்தில் 102 என்றால், அதே துணி இரட்டையாக மடிந்த இடத்தில் எவ்வளவு வர வேண்டும்? முதல் மடிப்பு அறுபது பங்கை விடுகிறது, இரண்டாவது அதில் அறுபது பங்கை விடுகிறது, மிஞ்சுவது முப்பத்தாறு. ஆகவே மறைப்பது 0.64, மாஸ்க்கில் 163 சுமார். ஐட்ராப்பர் 160ஐ ஒட்டிக் காட்டினால் கவலை இல்லை. 120தான் காட்டுகிறது என்றால் தோளில் நாம் எடுத்த கெட்டி நிறம் நிழலில் இருந்திருக்கிறது என்று அர்த்தம், வெளிச்சமான மடிப்பில் மறுபடி எடுக்க வேண்டும்.

பிறகு Ctrl பிடித்துக்கொண்டு அந்தச் சேனலைக் கிளிக் செய்து தேர்வாக்கி, படத்தின் லேயருக்கு மாஸ்க்காகக் கொடுங்கள். அடுத்து வருவதுதான் பலர் விட்டுவிடும் படி. அந்த லேயரின் மேலேயே 190, 30, 60 நிறத்தில் ஒரு Solid Color லேயரைப் போட்டு, கீழ் லேயரோடு கிளிப் செய்து, காற்றில் பறக்கும் துணிப் பகுதிக்கு மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். சுவர் கலந்த பழைய நிறம் மறைந்து துணியின் சொந்த நிறம் வருகிறது. எங்கே மெல்லிசு, எங்கே கெட்டி என்பதை மாஸ்க் பார்த்துக்கொள்கிறது. இப்படிச் செய்தால் மடிப்பின் பளபளப்பு கொஞ்சம் தட்டையாகிவிடும். படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றை Soft Light முறையில், இருபது முப்பது சதவீத அடர்த்தியில் மேலே வைத்தால் மடிப்பு திரும்பிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் சுவரும் திரும்பிவிடும்.

ஜரிகை பார்டர் வைத்த துப்பட்டா என்றால் இந்தக் கணக்கு பார்டரில் தடுமாறும். தங்க ஜரிகை 200, 160, 80 என்று வைத்துக்கொள்வோம். பச்சையில் 160க்கும் சுவரின் 200க்கும் நாற்பதுதான் வித்தியாசம். ஜரிகை முக்கால் பங்கு கண்ணாடி என்று சேனல் சொல்லிவிடும், பார்டர் பூச்சி அரித்த மாதிரி ஆகும். நீலத்தில் 80க்கும் 200க்கும் 120 இடைவெளி இருக்கிறது. பார்டருக்கு மட்டும் நீலச் சேனலைத் தலைகீழாக்கி, 55, 175 என்று கொடுத்து, அந்தத் துண்டை மாஸ்க்கில் ஒட்ட வேண்டும். சம்கி, கல் வேலைப்பாடு உள்ள இடங்களைப் பென் டூலால் எடுத்து வெள்ளை நிரப்புவதே வேகம். நிறம் நிரப்பிய லேயரும் பார்டரில் ஏறக்கூடாது.

இங்கே விளிம்புக்கு வருகிறேன். துப்பட்டாவின் ஓரத்தை மடித்துத் தைத்திருப்பார்கள், பீக்கோ அடித்திருப்பார்கள். அந்த ஓரம் உள்ளே இருக்கும் துணியைவிடக் கெட்டி. ஆகவே மெல்லிய துணியின் விளிம்பில் ஒரு தெளிவான கோடு இருப்பதுதான் இயல்பு. எல்லா விளிம்பையும் மழுப்பினால் துணி புகையாகிவிடும். மென்மையாக இருக்க வேண்டியது கேமராவில் அசைவால் கலங்கிய விளிம்பு மட்டுமே, அந்தக் கலங்கலும் ஒரு வகை ஆல்ஃபாதான். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விசிறும் துப்பட்டா நுனி, 1/125 விநாடி ஷட்டரில் 16 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். இரண்டரை மீட்டர் உயரத்தை 6,000 பிக்சலில் பிடித்த படத்தில் அது கிட்டத்தட்ட 38 பிக்சல். அந்த 38 பிக்சலிலும் துணி படிப்படியாகக் கரைகிறது. நம் பச்சைச் சேனல் அதைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். பென் டூலால் வெட்டியவர் அந்தக் கரைசலை ஒரே கோட்டில் அறுத்துவிட்டு, பிறகு ஃபெதர் கொடுத்து அதைத் திரும்பச் செய்யப் பார்க்கிறார். ஃபெதர் எல்லாத் திசையிலும் ஒரே அளவு மங்கும். உண்மையான அசைவு, துணி போன திசையில் மட்டும் மங்கும். கண் இந்த வித்தியாசத்தை உடனே பிடித்துவிடும். அசைவே வேண்டாம் என்பவர்கள் 1/1000இல் எடுக்கலாம், நகர்வு 2 மில்லிமீட்டராகக் குறையும். என் ருசிக்கு நுனியில் கொஞ்சம் அசைவு இருப்பதே காற்றுக்கு அழகு.

Select and Mask சாளரத்தில் Decontaminate Colors என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதை டிக் செய்தால் போதாதா என்று கேட்கலாம். தலைமுடிக்கு அது நன்றாக வேலை செய்யும். முடி ஓரத்தில் பின்னணி கலந்திருப்பது சில பிக்சல் அகலம்தான். பக்கத்தில் இருக்கும் முடியின் நிறத்தை எடுத்து அது பூசிவிடுகிறது. துப்பட்டாவில் கலப்பு ஆயிரம் பிக்சல் அகலத்துக்குப் பரவியிருக்கிறது. பக்கத்தில் எடுக்கச் சுத்தமான நிறமே இல்லை.

முடிந்த வேலையைச் சோதிக்கக் கடலை நம்பக் கூடாது. அடியில் முழுக் கறுப்பு லேயர் ஒன்றும் முழு வெள்ளை ஒன்றும் வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். கறுப்பின் மேல் துணி ஓரத்தில் வெளிறிய ஒளிவட்டம் தெரிந்தால் சுவர் இன்னும் இருக்கிறது. துணிக்கு வெளியே, வெறும் காற்று இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய படலம் தெரிந்தால் Levelsஇல் கறுப்பு முனை போதவில்லை, இல்லையென்றால் சுவரில் வெளிச்சம் ஒரே சீராக விழவில்லை. வெளிச்சம் சீரில்லாத குறையை எடுக்கும்போதே தவிர்க்கலாம். பெண்ணைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிறுத்தி, சுவருக்குத் தனி விளக்குப் போட்டு, துப்பட்டா பறக்கும் பகுதி முழுவதும் எண்கள் நாலைந்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். பச்சைத் திரை போடலாமே என்றால், நான் வேண்டாம் என்பேன். மெல்லிய துணி அந்தப் பச்சையை வாங்கி வைத்துக்கொள்ளும், தோலிலும் ஏற்றும். சாம்பல் சுவர் ஏதாவது கொஞ்சம் மிஞ்சினாலும் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. துப்பட்டா வெள்ளையோ வெளிர் நிறமோ என்றால் மட்டும் பின்னணி கறுப்பாக இருக்கட்டும்.

இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. படத்தில் இருக்கும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. 200 என்பது 100ஐப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் கிடையாது, நாலு மடங்குக்கும் மேல். ஃபோட்டோஷாப் சாதாரணமாக இதைக் கவனிக்காமல் எண்களை அப்படியே கலக்கிறது. வெளிர் சுவரிலிருந்து அளந்த துணியை இருண்ட கடலின் மேல் வைத்தால் இருக்க வேண்டியதைவிடச் சோர்ந்து, மெல்லிசாகத் தெரியும். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Levelsஇன் நடு முக்கோணத்தை 1.3, 1.4 வரைக்கும் இடப்பக்கம் நகர்த்தினால் துணிக்கு உயிர் வரும். இது கண் பார்த்துச் செய்ய வேண்டியது.

பெரிய ஓட்டை வேறொன்று. சூரியன் பின்னால் இருந்தால் மெல்லிய துணி அதை மறைப்பதோடு நிற்காது, ஒளியை வாங்கித் தானே ஜொலிக்கும். ஸ்டுடியோவில் முன்னாலிருந்து விளக்குப் போட்டு எடுத்த துப்பட்டாவில் அந்த ஜொலிப்பு கிடையாது. எவ்வளவு துல்லியமாக மாஸ்க் எடுத்தாலும், அஸ்தமனத்துக்கு முன்னால் அந்தத் துணி செத்த மாதிரி தொங்கும். Linear Dodge (Add) முறையில் ஒரு லேயர் போட்டு, சூரியனின் ஆரஞ்சை அதே மாஸ்க்குக்குள் மெல்லிய ப்ரஷ்ஷால், சூரியனுக்கு அருகில் உள்ள ஒற்றை மடிப்புகளில் அதிகமாகவும் கெட்டி மடிப்புகளில் குறைவாகவும் தடவினால் ஓரளவு வரும். கடல் படத்தில்தான் வைக்கப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால், பெண்ணுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்து எடுப்பது அதைவிடப் பத்து மடங்கு நல்லது.

மரமும் கட்டடமும் பின்னால் இருக்க, வெளியிடத்தில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து பின்னணியை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. துப்பட்டா வழியே இலையும் ஜன்னலும் தெரிந்தால் இந்த முறை எதுவும் பலிக்காது. பின்னணியின் எண் புள்ளிக்குப் புள்ளி மாறுகிறது. அப்போது பறக்கும் வாலை அடியோடு எடுத்துவிட்டு, அதே துப்பட்டாவை வாங்கி வந்து, சாம்பல் சுவர் முன்னால் பெடஸ்டல் ஃபேன் வைத்து, ஒருவர் கொத்தாகப் பிடிக்கப் பறக்கவிட்டு இருபது முப்பது படம் எடுத்துக்கொள்வதே உத்தி. பழைய படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அதே பக்கம் விளக்கு இருக்க வேண்டும். ஒட்டுப்போடும் இடத்தைத் தோள் மேல், கொசுவி கெட்டியாக இருக்கும் மடிப்பில் வைத்தால் அங்கே ஆல்ஃபா 1; பின்னால் என்ன இருந்தாலும் தெரியாது, ஒட்டும் தெரியாது.